டீ இடைவேளையில் தனியாக நிற்பவர்களுக்கு

மாநாட்டில் உரை நடக்கும் நேரம் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. வரிசையில் உட்கார்ந்து கேட்டால் போதும், யாரும் நம்மைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. பதினொரு மணிக்கு டீ இடைவேளை விடுவார்களே, அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள். இரண்டு நிமிடத்துக்குள் மூன்று பேர், நான்கு பேராக வட்டம் கட்டி நின்றுவிடுகிறார்கள். எந்த வட்டத்திலும் சேராமல் கையில் டீ கப்போடு நிற்பவர் என்ன செய்வார்? போனை எடுத்துப் பார்ப்பார். ஸ்டால்களில் வைத்திருக்கும் ஸ்டிக்கர்களைப் புரட்டுவார். கால் மணி நேரத்தை அப்படி ஓட்டிவிட்டு, மணி அடிப்பதற்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார். இரண்டு நாள் முடிந்து ஊர் திரும்பும்போது புதிதாகத் தெரிந்த மனிதர் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

இவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை, "தைரியமாப் போய்ப் பேசுப்பா" என்பது. எதைப் பேசுவது, யாரிடம் பேசுவது, எப்படி முடிப்பது என்று எதையும் சொல்லாத அறிவுரை அது. கூச்சம் உள்ளவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தெரிந்த விஷயம், எதிரே ஒரே ஒரு ஆள், அவசரமில்லாத நேரம் என்று அமைந்துவிட்டால் பலர் அருமையாகப் பேசுவார்கள். அவர்கள் தடுமாறுவது இரண்டே இடத்தில்தான்: பேச்சுக்குள் நுழையும்போதும், பேச்சிலிருந்து கிளம்பும்போதும். அதனால் அறிமுக வேலையில் பெரும்பகுதியை மாநாட்டுக்கு முன்பும் பின்பும் எழுத்தில் செய்துவிட வேண்டும், மண்டபத்தில் செய்ய வேண்டியதை மிகச் சின்னதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. எழுத்தில் யோசிக்க நேரம் கிடைக்கிறது. முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

சின்னதாக என்றால் எவ்வளவு? ஒரு மாநாட்டுக்கு இரண்டு பேர். ஒரே ஒருவரோடு உருப்படியாகப் பேசினாலும் போதும். இது ஆறுதலுக்குச் சொல்வதல்ல. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாஸ்டனுக்கு அருகே ஆட்களின் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், தகவல் சொன்ன அந்த ஆளை நீங்கள் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் 100க்கு 17 பேர் அளவில்தான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 56 பேர், அரிதாகப் பார்ப்பவர் என்றவர்கள் 28 பேர். காரணம் எளிதானது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். எட்ட இருப்பவர் வேறு கூட்டத்தில் புழங்குகிறவர், அவரிடம்தான் புதுச் செய்தி இருக்கிறது. ஆக, மாநாட்டில் தோழமை தேட வேண்டியதில்லை. பெயரும் வேலையும் தெரிந்து, வருடத்துக்கு இரண்டு முறை எழுதிக்கொள்ளும் அளவுக்கு ஒருவர் பழக்கமானால் அதுவே வேலைக்கு ஆகும். கூச்சம் உள்ளவர்களால் இந்த அளவை நிச்சயம் எட்ட முடியும்.

எப்படி என்பதை ஒரு ஆளை வைத்தே பார்ப்போம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராக இருக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 26. இதுவரை கையால் சோதித்துக்கொண்டிருந்தவர், இப்போது பைத்தான் கற்றுக்கொண்டு ஆட்டோமேஷன் டெஸ்டிங் பக்கம் வந்திருக்கிறார். அலுவலகத்தில் அவரைத் தவிர அந்த வேலை தெரிந்தவர் ஒருவர்தான். சென்னையில் பைத்தான் மாநாடு நடக்கிறது. இந்திய அளவிலான பைகான் மாநாடு 2019இல் சென்னையில்தான் நடந்தது. அப்படி ஒன்றுக்கு டிக்கெட் வாங்கிவிட்டார். உடன் வர யாருமில்லை.

முதல் வேலை, மாநாட்டுக்குப் பத்து நாள் முன்பு நிகழ்ச்சி நிரலைத் திறந்து உட்காருவது. எந்த நேரத்தில் யார், எதைப் பற்றிப் பேசுகிறார்கள், அதன் சுருக்கம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். இங்கே பலரும் முதல் நாள் காலையில் பேசும் பிரபலத்தையே தேர்ந்தெடுப்பார்கள். அவரைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். கூச்சம் உள்ளவர் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுவிட்டுத் திரும்புவார். தேர்ந்தெடுக்க வேண்டியவர், மதியம் சின்ன அரங்கில் அரை மணி நேரம் பேசப்போகிறவர். அவரும் முதன்முறையாக மேடை ஏறுகிறவராக இருக்கலாம். தன் உரையை யாராவது கேட்க வருவார்களா என்ற கவலை அவருக்கே இருக்கும். நம் டெஸ்டர் பெண் கண்டுபிடித்த உரை, ஒரு முறை பாஸ் ஆகி மறுமுறை காரணமில்லாமல் ஃபெயில் ஆகும் டெஸ்ட்களைப் பற்றியது. பேசப்போவதும் ஒரு பெண்தான். லிங்க்ட்இன்னில் அவருக்கு எழுதும் செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் மேடம். அடுத்த சனிக்கிழமை மதியம் உங்கள் உரைக்கு வருகிறேன். கோவையில் டெஸ்டராக வேலை செய்கிறேன். எங்கள் டீமில் ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆனால் தானாகவே மூன்று முறை மறுபடி ஓடும்படி வைத்திருக்கிறோம். அப்படிச் செய்யும்போது உண்மையான பிழையும் சேர்ந்து மறைந்துவிடுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். உரையில் இதைப் பற்றிச் சொல்வீர்களா? பதில் எழுத நேரமில்லை என்றாலும் பரவாயில்லை. அன்றைக்கு நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன்."

ஆங்கிலத்தில் எழுதினாலும் அமைப்பு இதேதான். இதில் வேலை கேட்கவில்லை, ரெஸ்யூமே இணைக்கவில்லை, "உங்களைப் போல ஆக வேண்டும்" என்ற புகழ்ச்சி இல்லை. நான் யார் என்பதற்கு ஒரே வாக்கியம்தான். மீதி முழுவதும் அவருடைய விஷயம். கேள்வி, அவர் இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடியது. அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களைத்தான் நான் முக்கியமானவை என்பேன். பதில் வராவிட்டால் எதிராளி நம்மை ஒதுக்கிவிட்டார் என்று கூச்சம் உள்ளவர் உடனே முடிவுகட்டிவிடுவார். பதில் எழுதாமல் இருக்கவும் இடம் கொடுத்துவிட்டதால், மௌனத்துக்கு இனி அந்தப் பொருள் இல்லை. அதோடு, நேரில் பேச்சைத் தொடங்குவதற்கான வாக்கியமும் இப்போதே தயாராகிவிட்டது: "போன வாரம் உங்களுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தேன் மேடம், கோவையிலிருந்து." இதைச் சொல்லிப் பேச்சுக்குள் போவதற்குத் தனியாகத் தைரியம் தேவைப்படாது.

இந்தச் செய்தியை எழுத அரை மணிக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதி, அழித்து, நண்பருக்குக் காட்டி, மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் அனுப்பாமலே விடுவது கூச்சம் உள்ளவர்களிடம் அடிக்கடி பார்க்கிற விஷயம். சின்ன எழுத்துப்பிழை இருந்தாலும் அனுப்பிவிட்டது, அனுப்பாத அழகான செய்தியைவிட மேல்.

வேலைக்கென்றே இன்னொரு வழியும் இருக்கிறது: தன்னார்வலராகப் பெயர் கொடுப்பது. பைத்தான், லினக்ஸ் போன்ற கூட்டங்களைப் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள், ஆள் எப்போதும் பற்றாது. பதிவு மேசையில் உட்கார்ந்து அடையாள அட்டை எடுத்துக் கொடுக்கும் வேலையைக் கேளுங்கள். சொல்ல வேண்டிய வாக்கியம் முன்பே எழுதப்பட்டது, ஆட்கள் ஒவ்வொருவராக நம்மைத் தேடி வருகிறார்கள், அரை நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். மதியம் அதே முகத்தைச் சாப்பாட்டு வரிசையில் பார்க்கும்போது "காலையில் நீங்கதானே பேட்ஜ் கொடுத்தீங்க" என்று அவர்களே ஆரம்பிப்பார்கள்.

இனி மாநாட்டு நாள். ஒன்பதரைக்குத் தொடக்கம் என்றால் எட்டே முக்காலுக்கே போய்விடுங்கள். தாமதமாகப் போய்க் கூட்டத்தில் கலந்துவிடலாம் என்று மனம் சொல்லும். அது தவறான கணக்கு. ஒன்பதே காலுக்கு வருகிறவர், ஏற்கெனவே கட்டிமுடித்த வட்டங்களைத்தான் பார்ப்பார். சீக்கிரம் வந்தால் மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள், அதில் பாதிப் பேர் தனியாக வந்தவர்கள். தனியாக இருக்கும் ஒருவரிடம் "பிரேக்ஃபாஸ்ட் எந்தப் பக்கம்னு தெரியுமா?" என்று கேட்பது யாராலும் முடியும்.

டீ இடைவேளையில் வட்டத்துக்குள் நுழைவதற்கு ஒரு கண்ணடையாளம் உண்டு. மனிதர்கள் நின்று பேசும்போது உடல்கள் எப்படி அமைகின்றன என்பதை ஆடம் கெண்டன் என்ற ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார். நடைமுறையில் நமக்கு வேண்டியது இவ்வளவுதான். இரண்டு பேர் நேருக்கு நேர் முகம் பார்த்து, கால்களும் ஒருவரையொருவர் நோக்கி இருக்க நின்றால், அது சொந்தப் பேச்சு. அங்கே போக வேண்டாம். இரண்டு பேர் பக்கவாட்டில் சாய்ந்து, இருவரின் பாதங்களும் ஏறக்குறைய ஒரே பக்கம் பார்க்க நின்றால், முன்னால் ஒரு ஆள் நிற்க இடம் இருக்கிறது. அங்கே போகலாம். நான்கைந்து பேர் தோளோடு தோள் இடித்து நிற்கும் வட்டத்தை விட்டுவிடுங்கள். முகத்தைப் பார்த்து இது புரியாது, பாதங்களைப் பாருங்கள்.

இடம் கண்டபின் சொல்ல வேண்டியது: "நானும் கேட்டுக்கலாமா?" அல்லது "டெஸ்டிங் பத்திப் பேசுறீங்களா? கொஞ்சம் கேட்கிறேன்." உடனே கருத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, அங்கே பேசப்பட்டதிலிருந்தே ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்த வட்டம் நம்மைக் கண்டுகொள்ளாமல் பேச்சைத் தொடர்ந்தால்? டீ கப்பைப் போட்டுவிட்டு வருவதுபோல நகர்ந்துவிடலாம். கூட்டத்தில் புதிய ஆளை ஏற்காமல் இருப்பது பெரும்பாலும் பழைய பழக்கத்தின் இழுப்புதான். பால் இங்க்ரம், மைக்கேல் மாரிஸ் என்ற இருவர் நியூயார்க்கில் நிர்வாகிகளுக்காக ஒரு சந்திப்பு விருந்து நடத்தி, யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதை அவர்கள் அணிந்திருந்த மின்னணுப் பட்டைகளால் பதிவு செய்தார்கள். அந்த ஆய்வு 2007இல் வெளியானது. புதியவர்களைச் சந்திப்பதே நோக்கம் என்று வந்தவர்களும், ஏற்கெனவே தெரிந்தவர்கள் பக்கமே சாய்ந்தார்கள். கூச்சமே இல்லாத நிர்வாகிகளின் நிலையே அதுதான். நம்மைப் பிடிக்காமல் யாரும் முதுகைக் காட்டுவதில்லை.

என்ன பேசுவது என்பதில் நம் ஊருக்கே உரிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழர் இருவர் சந்தித்தால் "எந்த ஊரு?" என்ற கேள்வி தானாக வந்துவிடும். நல்ல தொடக்கம்தான், தயங்காமல் கேட்கலாம். பதிலைக் கேட்டுவிட்டு அதோடு விட்டுவிட வேண்டும். "ஊர்ல எந்தப் பக்கம், எந்தத் தெரு, அப்பா பேரென்ன" என்று போனால், எதிரே நிற்பவருக்கு அது சாதியைத் துழாவும் கேள்வியாகப் படும். பல நேரம் அது அப்படித்தான் இருக்கிறது. முகம் இறுகிவிடும், பேச்சு அங்கேயே செத்துவிடும். அடுத்த கேள்வி வேலைக்குப் போய்விடட்டும்: "இங்க எந்த உரைக்காக வந்தீங்க?"

அழைப்பிலும் சிலர் சிக்கிக்கொள்கிறார்கள். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா, சார் என்பதா என்ற தயக்கத்திலேயே பேசாமல் விட்டுவிடுவார்கள். சார், மேடம் என்றே தொடங்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். "பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்று அவர்கள் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். மாணவர்கள் நடுவே அண்ணா, அக்கா சரளமாக ஓடும்.

நம் டெஸ்டர் பெண்ணிடம் திரும்புவோம். மதிய உரை முடிகிறது. மேடைக்குக் கீழே மூன்று பேர் நிற்கிறார்கள். நான்காவதாகப் போய் நின்று, முறை வந்ததும் தயாராக வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்கிறார். பேச்சாளருக்கு ஞாபகம் இருக்கிறது. "ஆமா, அந்த மூணு தடவை ஓட்டுறது! நாங்களும் ஓட்டுவோம். ஆனா எத்தனை டெஸ்ட் இரண்டாவது தடவைலதான் பாஸ் ஆச்சுன்னு தனியா ஒரு கணக்கு வெச்சிருப்போம். அந்த எண்ணிக்கை ஏறினா அந்த டெஸ்ட்டை எடுத்துப் பிரிச்சுப் பார்ப்போம்" என்கிறார்.

இங்கே கூச்சம் உள்ளவர்கள் "ஓ, தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, இனி நிற்பது தொல்லை என்று தோன்றும். ஓடாமல் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும், அதையும் அவர் சொன்ன பதிலிலிருந்தே எடுக்க வேண்டும்: "அந்தக் கணக்கை யார் பார்ப்பாங்க மேடம்? எங்க டீம்ல பச்சை விளக்கு எரிஞ்சா யாரும் உள்ள திறந்தே பார்க்க மாட்டாங்க." இந்த இரண்டாவது கேள்வியில்தான் எதிராளிக்கு நம்மைத் தெரிய வருகிறது. முதல் கேள்வியை எவரும் தயாரித்துவிட்டு வரலாம், இரண்டாவது கேள்வி காது கொடுத்துக் கேட்டவருக்கு மட்டுமே வரும். கூச்சம் உள்ளவர்களில் பலர் நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்கள். அவர்களுடைய பலம் இந்த இடத்தில் இருக்கிறது, இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

பிறகு கிளம்ப வேண்டும். பேச்சு எப்போது முடிய வேண்டும் என்பது யாருக்குமே சரியாகப் பிடிபடுவதில்லை. ஆடம் மாஸ்ட்ரோயானியும் அவருடன் சேர்ந்தவர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் மிக மிக அரிதாகவே இருந்தன. எதிராளி எப்போது கிளம்ப நினைக்கிறார் என்பதை மனிதர்கள் தவறாகவே ஊகித்தார்கள், தாங்கள் நினைப்பதைச் சொல்லவும் இல்லை. எனவே நாமே முடிப்பதில் முறைகேடு எதுவும் இல்லை. மூன்று, நான்கு நிமிடம் போதும். நம் பெண் சொல்வது: "அந்தக் கணக்கெடுக்கிற ஸ்கிரிப்டை நானே எழுதிப் பார்க்கிறேன் மேடம். முடிஞ்சதும் உங்களுக்கு அனுப்பட்டுமா? சரி, அடுத்த உரைக்குப் போறேன், வரேன் மேடம்." ஒரு சின்ன வேலையை ஒப்புக்கொண்டு, விடைபெற்றாயிற்று. ஒப்புக்கொண்ட அந்த வேலைதான் மறுபடி எழுதுவதற்குக் காரணம். காரணம் இல்லாமல் ஒருவருக்கு எழுதுவது கூச்சம் உள்ளவர்களுக்கு மலை ஏறுவதுபோல் கடினம். கையில் காரணம் இருந்தால் அவர்களே நேரம் தவறாமல் எழுதுவார்கள்.

அரங்கை விட்டு வந்ததும் சுவரோரம் நின்று போனில் மூன்றே வரி குறித்துக்கொள்ள வேண்டும்: பெயர், பேசிய விஷயம், அனுப்புவதாகச் சொன்னது. மாலைக்குள் பாதி மறந்துவிடும். அன்றைக்கு இதற்குமேல் ஒருவரோடும் பேசாவிட்டாலும் வந்த வேலை முடிந்தது. சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய் ஒரு மணி நேரம் மரத்தடியில் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்தாலும் குற்றமில்லை. பேசிப் பேசிக் களைத்துப்போகிற உடம்புக்கு அந்த ஓய்வு தேவை.

ஊருக்குத் திரும்பும் இரவில் இன்னொரு சோதனை வரும். சேரன் எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் படுத்தபடி, பேசிய ஒவ்வொரு சொல்லையும் மனம் திரும்ப ஓட்டிப் பார்க்கும். "அப்படிக் கேட்டிருக்கக் கூடாது", "அவங்க சிரிச்சது என்னைப் பார்த்துதானோ" என்று போகும். இதை எரிக்கா பூத்பியும் அவருடன் சேர்ந்தவர்களும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத இருவரைப் பேசவிட்டு, பிறகு தனித்தனியாகக் கேட்டார்கள்: அவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது, உங்களை அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும்? தங்களை எதிராளிக்கு எவ்வளவு பிடித்தது என்பதை மக்கள் குறைத்தே ஊகித்தார்கள். கூச்சம் அதிகமாக உள்ளவர்களிடம் இந்த இடைவெளி பெரிதாக இருந்தது. அந்த ரயில் இரவில் மனம் சொல்லும் கணிப்பு, எந்தத் திசையில் தவறும் என்பது நமக்கு முன்பே தெரிந்த கணிப்பு. அதை நம்பி, அனுப்ப வேண்டிய செய்தியை நிறுத்திவிடக் கூடாது.

அந்தச் செய்தி இரண்டு, மூன்று நாளுக்குள் போக வேண்டும். ஸ்கிரிப்ட் முடியாவிட்டாலும், "சனிக்கிழமை பேசியதற்கு நன்றி மேடம். கணக்கெடுக்கத் தொடங்கியிருக்கிறேன், இரண்டு வாரத்தில் அனுப்புகிறேன்" என்று இரண்டு வரி போதும். பதில் வராவிட்டால் ஸ்கிரிப்டை அனுப்பும்போது இன்னொரு முறை எழுதலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் நிறுத்திவிடலாம், அடுத்த மாநாட்டில் வேறொருவர் இருப்பார். இரண்டு வாரம் கழித்து நம் பெண் எழுதுகிறார்: "எங்கள் 340 டெஸ்ட்களில் 11 மட்டும் திரும்பத் திரும்ப இரண்டாவது முறையில்தான் பாஸ் ஆகின்றன. அதில் ஏழு, ஒரே லாகின் பக்கத்தைச் சேர்ந்தவை." இப்படி ஒரு செய்தி வந்தால், அந்தத் துறையில் இருக்கும் எவருக்கும் பதில் எழுதாமல் இருக்கக் கை வராது. ஆறு மாதம் கழித்து வேலை மாற நினைத்தால், "உங்கள் பக்கம் ஏதாவது இடம் இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்க இப்போது ஒரு ஆள் இருக்கிறார். அதே கேள்வியை முதல் செய்தியிலேயே கேட்டிருந்தால், தினமும் வரும் இருபது வேலை வேண்டுகோள்களில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கும்.

மாநாட்டுக்கே போக முடியாதவர்கள், வீட்டில் குழந்தையோ வயதானவரோ இருப்பவர்கள், டிக்கெட்டும் ரயில் கட்டணமும் கட்டுப்படியாகாதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இணையத்தில் உள்ள நல்ல வழி, ஆட்களைத் தேடிப் போகாமல் வேலையைத் தேடிப் போவது. கிட்ஹப்பில் தாம் தினமும் பயன்படுத்தும் ஏதாவது ஒரு திறந்தமூல மென்பொருளின் பக்கத்துக்குப் போகட்டும். நிறுவும் முறையை எழுதியிருப்பார்கள். அதை வரி வரியாகச் செய்து பார்க்கட்டும். எங்கேயாவது ஒரு கட்டளை பழையதாகியிருக்கும், ஒரு படி விடுபட்டிருக்கும். "உங்கள் குறிப்பின் மூன்றாவது படி விண்டோஸில் இந்தப் பிழையைக் காட்டுகிறது, இப்படி மாற்றினால் சரியாகிறது" என்று திருத்தி அனுப்பினால், பராமரிப்பவர் அதைப் படித்துப் பதில் எழுதுவார். எந்த முகமன் வார்த்தையும் இல்லாமல் அறிமுகம் நடந்துவிட்டது. புதியவர்களுக்கு ஏற்ற வேலைகளுக்குப் பல திட்டங்களில் `good first issue` என்று குறியிட்டு வைத்திருப்பார்கள்.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. எண்ணிக்கைக்காக அனுப்பக் கூடாது. 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியின்போது டி-ஷர்ட்டுக்காக உலகம் முழுவதிலிருந்தும் ஒரு சொல், ஒரு புள்ளி மாற்றிய பயனில்லாத திருத்தங்கள் குவிந்தன. பராமரிப்பவர்கள் கொதித்துப்போய், விதிகளையே மாற்ற வேண்டியதாயிற்று. உபயோகமான ஒரு திருத்தம் ஒரு அறிமுகத்தைத் தரும், பயனற்ற பத்து நம் பெயரைக் கெடுக்கும்.

பதிவுகளுக்குக் கீழே எழுதுவதற்கும் இதே அளவுகோல்தான். "சூப்பர் சார்" என்பதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. "நீங்கள் சொன்ன இரண்டாவது வழியைச் செய்து பார்த்தேன், எனக்கு இந்த இடத்தில் நின்றுவிட்டது" என்றால் ஞாபகம் இருக்கும்.

பெண்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சுமை இருக்கிறது. அதைக் கூச்சம் என்று பெயரிட்டு ஒதுக்குவது நியாயமில்லை. நட்பாக ஒரு கேள்வி கேட்டால் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு "சாப்டாச்சா?" என்று அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். போன் எண்ணைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. "லிங்க்ட்இன்ல எழுதுங்க" என்று சொன்னால் போதும், விளக்கம் தேவையில்லை. பைகான் போன்ற மாநாடுகளில் நடத்தை விதிகள் எழுதி வைக்கப்பட்டிருக்கும். தொல்லை நேர்ந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். டிக்கெட் வாங்கும்போதே அந்தப் பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது. அப்படி ஒரு பக்கமே இல்லாத மாநாட்டைவிட, அது இருக்கும் மாநாட்டைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது.

இந்தச் சின்னப் படிகளால் ஆகாத நிலையும் உண்டு. அந்நியரிடம் பேச வேண்டும் என்று நினைத்த உடனே நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, மூச்சு முட்டுவதும், மாதக்கணக்கில் கூட்டங்களையும் தொலைபேசி அழைப்புகளையும் கடைக்குப் போவதையும் தவிர்ப்பதும் சுபாவம் அல்ல. அது சமூகப் பதற்ற நோயாக இருக்கலாம். அதற்குப் பேச்சு வழிச் சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது. மத்திய அரசின் டெலிமானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக, கூச்சம் இல்லாத நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இணைய ஆவணங்களுக்கான ரீட் த டாக்ஸ் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எரிக் ஹோல்ஷர், மாநாடுகளுக்கு ஒரு விதியைச் சொன்னார். பழைய பேக்மேன் வீடியோ விளையாட்டில் வாய் திறந்திருக்கும் வட்டமான உருவத்தின் பெயரே அந்த விதிக்கும் ஆகிவிட்டது. வட்டமாக நின்று பேசும்போது ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு எப்போதும் இடம் விட்டு நில்லுங்கள், யாராவது வந்து சேர்ந்தால் மறுபடி நகர்ந்து இன்னொரு இடம் விடுங்கள் என்பதுதான் விதி. உலகம் முழுக்கப் பல தொழில்நுட்ப மாநாடுகளில் இதைத் தொடக்கத்திலேயே அறிவிக்கிறார்கள். அடுத்த முறை நீங்கள் ஒரு கூட்டத்துக்குப் போகும்போது அறிவிப்புக்குக் காத்திருக்காமல் ஓர் அடி பின்னால் நகர்ந்து நில்லுங்கள். யாராவது அந்த இடத்துக்கு வந்து நின்றால், "நாங்க இதைப் பத்திப் பேசிட்டிருந்தோம்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.